ஒரு பாடவேளை, ஓர் ஆசிரியர், ஓர் இடம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் அறைச் சுவரில் பெரிய தாள் ஒன்று ஏறிவிடும். இடப்பக்கம் வகுப்பும் பிரிவும். மேலே திங்கள் முதல் வெள்ளி வரை நாள்கள், ஒவ்வொரு நாளுக்கும் எட்டுப் பாடவேளை. கட்டத்துக்குள் ‘கணிதம் – மலர்விழி – அறை 12’ என்பது போன்ற ஒரு குறிப்பு. 9ஆ பிரிவுக்குத் திங்கள் மூன்றாவது பாடவேளை என்ன என்று தெரிய வேண்டுமானால் ஒரு பார்வை போதும். ஆனால் மலர்விழிக்குப் புதன்கிழமை எந்தப் பாடவேளை ஓய்வு என்று கேட்டால், தாள் முழுக்க விரலை ஓட்ட வேண்டியிருக்கும்.

இந்தத் தாளை ஒரு தரவுத்தளமாக மாற்றுவதே இந்த அத்தியாயத்தின் வேலை. அதற்காக ஒரு கற்பனை மேல்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வகுப்புகள், ஒவ்வொன்றிலும் மூன்று பிரிவுகள், ஆக 21 பிரிவுகள். வாரத்துக்கு 40 பாடவேளை. எல்லாம் சேர்த்து 840 கட்டங்கள்.

கட்டத்தைப் பிரித்தல்

முதல் சிக்கல் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘கணிதம் – மலர்விழி – அறை 12’ என்பது மூன்று செய்திகள் ஒட்டிய ஒரே எழுத்துச்சரம். ஓரிடத்தில் ‘மலர்விழி’ என்றும் இன்னோரிடத்தில் ‘மலர் டீச்சர்’ என்றும் எழுதியிருந்தால், தேடும் கணினி அவர்களை இரண்டு பேராகவே எண்ணும். இரண்டாவது சிக்கல், ஒவ்வொரு நாளின் பாடவேளைகளும் எட்டு நெடுவரிசைகளாகப் பக்கவாட்டில் நீள்வது. ‘மூன்றாவது’ என்பதும் ஒரு தரவுதான். அதை நெடுவரிசையின் தலைப்பாக ஆக்கிவிட்டால், ஒரே கேள்வியை ஒரு நாளுக்கே எட்டு நெடுவரிசைகளிலும் எட்டு முறை கேட்க வேண்டும்.

எனவே ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு வரியாக இறக்குகிறோம். ஒரு வரியில் பிரிவு, நாள், பாடவேளை, அதன் நீளம் (நிமிடத்தில்), பிரிவின் பயிற்றுமொழி, பாடம், அந்தப் பாடத்துக்குச் செய்முறை உண்டா, ஆசிரியர், அவருடைய பதவி, அறை என்று பத்து நெடுவரிசைகள். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு மதிப்பு. இதுதான் முதல் இயல்பு வடிவம். 840 வரிகள் கொண்ட ஒரே டேபிள். எந்தக் கேள்விக்கும் இப்போது பதில் கிடைக்கும், ஆனால் அந்தப் பதில் சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரே செய்தி பல வரிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வரிகள் ஒன்றோடொன்று முரண்படுவதைத் தடுக்க இந்த டேபிளில் எதுவும் இல்லை.

எது எதைத் தீர்மானிக்கிறது?

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட கட்டுரைதான் உறவுமுறைத் தரவுத்தளங்களின் தொடக்கம். அடுத்த ஆண்டே இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்களை அவர் வரையறுத்தார். இந்த வடிவங்களெல்லாம் ஒரே கேள்வியில் நிற்கின்றன: ஒன்றின் மதிப்பு தெரிந்தால் வேறு எதன் மதிப்பு உறுதியாகிவிடும்? பிரிவு தெரிந்தால் பயிற்றுமொழி தெரிந்துவிடும் என்றால், பயிற்றுமொழி பிரிவைச் சார்ந்தது என்கிறோம். இதற்குச் சார்பு என்று பெயர்.

சார்புகளை 840 வரிகளை உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியாது. எல்லா நாளும் ஆறாவது பாடவேளை 40 நிமிடம் என்று இந்த ஆண்டுத் தாள் காட்டலாம். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காக மதிய இடைவேளையை நீட்டி, பிற்பகல் பாடவேளைகளை 35 நிமிடமாகக் குறைக்கும் வழக்கம் பள்ளியில் வரக்கூடுமானால், நீளம் பாடவேளையை மட்டும் சார்ந்ததல்ல, நாளையும் சார்ந்தது. இதைத் தலைமையாசிரியரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். தரவைப் பார்த்து ஒரு சார்பு இல்லை என்று சொல்லிவிடலாம். உண்டு என்று சொல்லப் பள்ளியின் விதி வேண்டும்.

நம் பள்ளியின் விதிகள் இவை. ஒரு பிரிவுக்கு ஒரு பாடவேளையில் ஒரே பாடம். ஓர் ஆசிரியர் ஒரு நேரத்தில் ஒரே பிரிவில்தான் இருப்பார். ஓர் அறையில் ஒரு நேரத்தில் ஒரே பிரிவு. ஒரு பிரிவுக்கு ஒரு பாடத்தை ஆண்டு முழுதும் ஒரே ஆசிரியர் எடுப்பார். ஆனால் ஓர் ஆசிரியர் இரண்டு பாடம் எடுப்பதுண்டு, ஆகவே ஆசிரியர் பெயரை வைத்துப் பாடத்தைச் சொல்லிவிட முடியாது.

இவற்றிலிருந்து டேபிளின் சாவிகள் கிடைக்கின்றன. ஒரு வரியை முழுதாக அடையாளம் காட்டக்கூடிய மிகச் சிறிய நெடுவரிசைத் தொகுப்புதான் சாவி. பிரிவு, நாள், பாடவேளை மூன்றும் சேர்ந்தது ஒரு சாவி. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆசிரியர், நாள், பாடவேளை மூன்றும் சேர்ந்ததும் ஒரு சாவிதான். புதன் நான்காவது பாடவேளையில் மலர்விழி என்று சொன்னால் ஒரு வரிக்கு மேல் வராது. அறை, நாள், பாடவேளை மூன்றாவது சாவி. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இந்த மூன்று சாவிகள்தான் கால அட்டவணையை மற்றப் பட்டியல்களிலிருந்து வேறுபடுத்துகின்றன. பின்னால் வரும் சிக்கலும் இங்கிருந்தே பிறக்கிறது.

சாவியின் ஒரு துண்டைச் சார்ந்தவை

சாவியில் சேராத ஒரு நெடுவரிசை, ஏதாவது ஒரு சாவியின் ஒரு துண்டை மட்டும் சார்ந்திருந்தால் அதைத் தனி டேபிளுக்கு அனுப்ப வேண்டும் என்பது இரண்டாம் இயல்பு வடிவத்தின் விதி.

பயிற்றுமொழி பிரிவை மட்டும் சார்ந்தது. 9ஆ தமிழ்வழிப் பிரிவு என்ற ஒரே செய்தி 40 வரிகளில் கிடக்கிறது. அதை ஆங்கிலவழியாக மாற்றும்போது ஒரு வரி விடுபட்டால், 9ஆ வாரத்தில் 39 பாடவேளை ஆங்கிலவழி, ஒன்று மட்டும் தமிழ்வழி. எதை நம்புவது என்று டேபிளால் சொல்ல முடியாது. புதிதாக 6ஈ பிரிவு தொடங்கும்போது சிக்கல் வேறு விதமாக வருகிறது. அதற்கு ஒரு பாடவேளையாவது ஒதுக்கும் வரை, அது தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று எழுதிவைக்கக்கூட இடமில்லை.

பாடவேளையின் நீளம் நாளையும் பாடவேளையையும் மட்டும் சார்ந்தது. எந்தப் பிரிவானாலும் அதே நீளம். ஆகவே ஒவ்வொரு நீளமும் 21 முறை எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியரின் பதவி, அதாவது பட்டதாரி ஆசிரியரா முதுகலை ஆசிரியரா என்பது, ஆசிரியரை மட்டும் சார்ந்தது. முதல் சாவியை மட்டும் பார்த்திருந்தால் ஆசிரியர் சாவியின் துண்டு என்பதே தெரிந்திருக்காது. மூன்று சாவிகளையும் முன்பே எழுதிக்கொண்டதால் இந்தப் படியிலேயே அது அகப்படுகிறது.

மூன்று புதிய டேபிள்கள் பிறக்கின்றன: 21 வரிகளில் பிரிவுகள், 40 வரிகளில் மணி, ஆசிரியருக்கு ஒரு வரியாக ஆசிரியர்கள். பெரிய டேபிளில் பிரிவு, நாள், பாடவேளை, பாடம், செய்முறை, ஆசிரியர், அறை என ஏழு நெடுவரிசைகள் மிஞ்சுகின்றன.

பாடத்தின் வழியாக வருவது

செய்முறை உண்டா என்பது எந்தச் சாவியின் துண்டையும் சார்ந்ததல்ல. பிரிவு, நாள், பாடவேளை தெரிந்தால் பாடம் தெரியும், பாடம் தெரிந்தால் செய்முறை உண்டா என்று தெரியும். இடையில் பாடம் நின்று செய்தியைக் கடத்துகிறது. சாவியில் இல்லாத ஒன்று, சாவியல்லாத இன்னொன்றின் வழியாகச் சாவியைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதுதான் மூன்றாம் இயல்பு வடிவம். இயற்பியலுக்குச் செய்முறை உண்டு என்பது இயற்பியலைப் பற்றிய செய்தி, திங்கள் காலையைப் பற்றியதல்ல. பாடங்கள் என்று ஒரு டேபிள் போட்டு அதை அங்கே வைக்கிறோம்.

மிஞ்சுவது ஆறு நெடுவரிசைகள்: பிரிவு, நாள், பாடவேளை, பாடம், ஆசிரியர், அறை. இது மூன்றாம் இயல்பு வடிவத்தில் இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான வடிவமைப்புகள் இங்கே நின்றுவிடும்.

இன்னும் தீராத ஒன்று

மலர்விழி மகப்பேறு விடுப்பில் போகிறார், அவருக்குப் பதில் செந்தில் வருகிறார். 9ஆ பிரிவுக்கு வாரத்தில் ஏழு கணிதப் பாடவேளைகள் என்றால் ஏழு வரிகளை மாற்ற வேண்டும். ஒன்று விடுபட்டால் ஆறில் செந்தில், ஒன்றில் மலர்விழி. ஒரு பிரிவுக்கு ஒரு பாடத்தை ஒரே ஆசிரியர் எடுப்பார் என்ற விதி உடைந்துவிட்டது, ஆனால் டேபிள் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் இயல்பு வடிவம் இதை ஏன் பிடிக்கவில்லை? பிரிவும் பாடமும் சேர்ந்து ஆசிரியரைத் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டும் சேர்ந்தது சாவியல்ல. அப்படியானால் அது தவறுதான். ஆனால் ஆசிரியர் இரண்டாவது சாவியின் உறுப்பு. சாவியில் உறுப்பாக இருக்கும் நெடுவரிசைக்கு மூன்றாம் இயல்பு வடிவம் விலக்கு அளிக்கிறது. இந்த விலக்கை நீக்கிய வடிவத்தை ரேமண்ட் பாய்ஸும் காட்டும் 1974-ல் முன்வைத்தார்கள். பாய்ஸ்–காட் இயல்பு வடிவத்தின் விதி மிகச் சுருக்கமானது: எது எதைத் தீர்மானித்தாலும், தீர்மானிப்பது சாவியாகவோ சாவியை உள்ளடக்கியதாகவோ இருக்க வேண்டும்.

அதன்படி பிரிவு, பாடம், ஆசிரியர் மூன்றையும் ‘பணிப்பங்கீடு’ என்ற டேபிளுக்கு எடுத்துச் செல்கிறோம். அதன் சாவி பிரிவும் பாடமும். கால அட்டவணையில் பிரிவு, நாள், பாடவேளை, பாடம், அறை மட்டும். செந்தில் வந்தால் பணிப்பங்கீட்டில் ஒரே ஒரு வரி மாறும்.

பிரித்தது சரியா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு டேபிள்களையும் மறுபடி இணைத்துப் பாருங்கள். அதே 840 வரிகள் வர வேண்டும். பணிப்பங்கீட்டில் பிரிவை விட்டுவிட்டு, ‘பாடம், ஆசிரியர்’ என்று மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகும்? பள்ளியில் நான்கு பேர் கணிதம் எடுக்கிறார்கள் என்றால், இணைக்கும்போது ஒவ்வொரு கணித வரியும் நான்கு வரிகளாகப் பெருகும், அவற்றில் மூன்று பொய். வரிகள் கூடியிருக்கும், ஆனால் எந்த ஆசிரியர் எந்தப் பிரிவுக்கு என்ற செய்தி தொலைந்திருக்கும். பொதுவாக நிற்கும் நெடுவரிசைகள் ஒரு பக்கத்து டேபிளுக்காவது சாவியாக இருந்தால் இந்தப் பெருக்கம் வராது. நம் பிரிப்பில் பிரிவும் பாடமும் அப்படியே இருக்கின்றன.

தொலைந்துபோன விதி

இங்கேதான் கவனம் வேண்டும். இப்போது கால அட்டவணையில் இரண்டு வரிகளைச் சேர்க்கிறோம்: 9அ, திங்கள், மூன்றாவது, கணிதம், அறை 11. அடுத்தது 9ஆ, திங்கள், மூன்றாவது, கணிதம், அறை 12. பிரிவு வேறு, அறையும் வேறு, எந்தச் சாவியும் மீறப்படவில்லை. பணிப்பங்கீட்டில் 9அ கணிதமும் 9ஆ கணிதமும் மலர்விழிக்கு. அங்கும் தவறில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தெரிகிறது, மலர்விழி ஒரே நேரத்தில் அறை 11-லும் 12-லும் நிற்க வேண்டும்.

ஆசிரியர், நாள், பாடவேளை என்ற சாவியின் உறுப்புகள் இப்போது இரண்டு டேபிள்களில் பிரிந்து கிடக்கின்றன. சாவி என்பது ஒரு டேபிளுக்குள் மட்டுமே காவல் காக்கும். பாய்ஸ்–காட் வடிவத்துக்குப் போகும்போது சில சார்புகள் இப்படிச் சிதறும் என்பது கோட்பாட்டில் நன்கு அறியப்பட்ட எல்லை. கால அட்டவணையில் அது சிதறடிப்பது மிக முக்கியமான விதியை. ஆசிரியர் மோதலைத் தடுக்காத கால அட்டவணையால் பள்ளிக்குப் பயனில்லை.

அப்படியானால் பழைய டேபிளுக்கே திரும்பிவிடலாமா? வேண்டியதில்லை. ஆசிரியரைக் கால அட்டவணையில் மறுபடி வைப்போம், ஆனால் பணிப்பங்கீட்டோடு முரண்பட முடியாதபடி கட்டி வைப்போம். போஸ்ட்கிரெஸ் மொழியில் அது இப்படி இருக்கும்:

```sql
CREATE TABLE assignment (
  section VARCHAR(5) REFERENCES section,
  subject VARCHAR(5) REFERENCES subject,
  teacher INT NOT NULL REFERENCES teacher,
  PRIMARY KEY (section, subject),
  UNIQUE (section, subject, teacher)
);
```

பிரிவும் பாடமும் ஏற்கெனவே சாவியாக இருக்கும்போது மூன்றையும் சேர்த்து `UNIQUE` போடுவது வீண் என்று தோன்றும். அது இங்கே இருப்பது அடுத்த டேபிள் பிடித்துக்கொள்வதற்காக:

```sql
CREATE TABLE slot (
  section VARCHAR(5),
  day     INT,
  period  INT,
  subject VARCHAR(5) NOT NULL,
  teacher INT NOT NULL,
  room    INT,
  PRIMARY KEY (section, day, period),
  UNIQUE (teacher, day, period)
    DEFERRABLE INITIALLY DEFERRED,
  UNIQUE (room, day, period),
  FOREIGN KEY (section, subject, teacher)
    REFERENCES assignment (section, subject, teacher)
    ON UPDATE CASCADE
);
```

கடைசியில் இருக்கும் அயல் சாவியே இந்த வடிவமைப்பின் உயிர். பிரிவு, பாடம், ஆசிரியர் மூன்றும் பணிப்பங்கீட்டில் இருக்கும் ஒரு வரியோடு அப்படியே பொருந்தினால்தான் கால அட்டவணையில் வரி ஏறும். 9ஆ கணிதத்துக்கு ஆறு வரிகளில் செந்தில், ஒன்றில் மலர்விழி என்று இனி எழுதவே முடியாது. ஆசிரியர் பெயர் பல வரிகளில் வருவது உண்மைதான். ஆனால் இயல்பாக்கம் பயப்படுவது திரும்ப வருவதற்கல்ல, திரும்ப வரும் இடங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு. அந்த முரண்பாட்டுக்கு இங்கே வழி அடைபட்டிருக்கிறது.

`ON UPDATE CASCADE` மாற்றத்தைக் கீழே கடத்துகிறது. பணிப்பங்கீட்டில் ஒரு வரியில் மலர்விழியைச் செந்திலாக மாற்றினால், கால அட்டவணையின் ஏழு வரிகளும் தாமாகவே மாறும். அந்த ஏழில் ஒன்றில் செந்திலுக்கு ஏற்கெனவே 8இ பிரிவில் வகுப்பு இருந்தால், தரவுத்தளம் இப்படி மறுக்கும்:

```
duplicate key value violates unique constraint "slot_teacher_day_period_key"
```

ஏழு மாற்றங்களும் பழையபடியே திரும்பிவிடும். பாதி மாறி பாதி மாறாத நிலை வராது.

`DEFERRABLE INITIALLY DEFERRED` என்பதற்கும் காரணம் உண்டு. 9அ, 9ஆ இரண்டின் கணித ஆசிரியர்களையும் ஒருவருக்கொருவர் மாற்ற நினைக்கிறோம், இரண்டு பிரிவுக்கும் ஒரே பாடவேளையில் கணிதம் வருகிறது என்று கொள்வோம். முதல் வரியை மாற்றிய கணத்தில் ஒரே ஆசிரியர் இரண்டு இடத்திலும் இருப்பார், இரண்டாவது வரி மாறியதும் சிக்கல் தீரும். சோதனையைப் பரிவர்த்தனையின் முடிவு வரை தள்ளிவைத்தால் இந்த இடைக்கணத்துக்காக மாற்றம் நிராகரிக்கப்படாது.

அறைக்கு மட்டும் `NOT NULL` இல்லை. விளையாட்டுப் பாடவேளையில் இரண்டு பிரிவுகள் ஒரே மைதானத்தில் இருக்கலாம், அப்போது அறையை வெறுமையாக விடுகிறோம். ஒரு வெறுமை இன்னொரு வெறுமைக்குச் சமமல்ல என்பது `UNIQUE` சோதனையின் வழக்கம் என்பதால் மோதல் எழாது.

கூட்டு வகுப்பு வந்தால்

இவ்வளவும் நாம் முதலில் எழுதிய விதிகளின்மேல் நிற்கிறது. விதி மாறினால் வடிவமும் மாறும். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவுக்கும் வணிகவியல் பிரிவுக்கும் தமிழை ஒன்றாக உட்காரவைத்து ஒரே ஆசிரியர் எடுப்பதாகப் பள்ளி முடிவு செய்கிறது. 11அ, 11இ இரண்டு வரிகளிலும் அதே ஆசிரியர், அதே நேரம், அதே அறை. தரவுத்தளம் மறுக்கும். அவசரத்தில் பலர் செய்வது `UNIQUE` கட்டுப்பாட்டை எடுத்துவிடுவது. அதோடு மோதல் காவலும் போய்விடும்.

உண்மையில் மாறியிருப்பது வரியின் பொருள். ஆசிரியரும் அறையும் இனிப் பிரிவுக்கு ஒதுக்கப்படவில்லை, நடக்கும் ஒரு வகுப்புக்கு ஒதுக்கப்படுகின்றன. ஆகவே ‘நடக்கும் வகுப்பு’ என்று ஒரு டேபிள்: அடையாள எண், நாள், பாடவேளை, பாடம், ஆசிரியர், அறை. எந்தெந்தப் பிரிவுகள் அதில் உட்காருகின்றன என்பதற்கு இன்னொரு டேபிள். ஆசிரியர் மோதலையும் அறை மோதலையும் முதல் டேபிள் காக்கும். ஒரு பிரிவு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளில் உட்காராமல் பார்க்க, இரண்டாவது டேபிளிலும் நாளும் பாடவேளையும் வேண்டும். அவற்றை அடையாள எண்ணோடு சேர்த்து அயல் சாவியாகக் கட்டினால் முரண்பட வழியில்லை. ஆசிரியருக்குச் செய்த அதே முறைதான். பிரிவு, பாடம், ஆசிரியர் பொருத்தத்தையும் இதேபோல இரண்டாவது டேபிளுக்குக் கொண்டுபோய்ப் பணிப்பங்கீட்டோடு கட்டலாம். ஆய்வகத்துக்குப் பாதிப் பாதியாகப் போகும் பிரிவுகளுக்கு, பிரிவுக்குப் பதில் மாணவர் குழுவை அடிப்படை அலகாக வைக்க வேண்டியிருக்கும்.

சாவிகளுக்கு எட்டாதவை

9ஆ பிரிவுக்கு வாரத்தில் கணிதம் ஏழு பாடவேளைதான் என்ற விதியை எந்தச் சாவியாலும் அயல் சாவியாலும் சொல்ல முடியாது. அது எண்ணிக்கை பற்றிய விதி. பிரிவு வாரியாக, பாட வாரியாக வரிகளை எண்ணி, பாடத்திட்டத்தோடு ஒப்பிடும் ஒரு வினவலை அட்டவணை முடிந்ததும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓர் ஆசிரியருக்குத் தொடர்ந்து நான்கு பாடவேளை தரக் கூடாது என்பதும் அப்படித்தான்.

மோதலில்லாத அட்டவணையை உருவாக்கித் தருவதும் இந்த ஸ்கீமாவின் வேலையல்ல. ஆசிரியர்களும் பிரிவுகளும் இன்னின்ன நேரங்களில் மட்டும் கிடைப்பார்கள் என்ற நிபந்தனைகளோடு அட்டவணை போடும் சிக்கல் NP-முழுமை வகையைச் சேர்ந்தது என்று எவன், இட்டாய், ஷமீர் ஆகியோர் 1976-ல் நிறுவினார்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் விரைவாகத் தீர்வு தரும் ஒரு வழிமுறை இன்றுவரை யாரிடமும் இல்லை. அட்டவணையை மனிதர் போட்டாலும் மென்பொருள் போட்டாலும், இந்த டேபிள்கள் தரும் உறுதி ஒன்றுதான்: இரண்டு இடத்தில் நிற்கும் ஆசிரியர், இரண்டு பிரிவுக்குத் தரப்பட்ட அறை, ஒரு பிரிவின் ஒரே பாடத்துக்கு இரண்டு ஆசிரியர் பெயர் ஆகியவற்றில் எதுவும் உள்ளே ஏறாது. அந்த உறுதி நிற்பதும், பள்ளியின் விதிகளை முதலில் சரியாகக் கேட்டு எழுதியிருந்தால் மட்டுமே.